‘இப்போதைக்கு இல்லை’ என்று ரெக்ரூட்டருக்கு எழுதுவது எப்படி

“ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். மேனேஜர் நல்லவர், சம்பளமும் பரவாயில்லை, மாறும் எண்ணமே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் லிங்க்ட்இன்னில் ஒரு ரெக்ரூட்டர் மெசேஜ் அனுப்பினார். பதில் போட்டால் வேலை தேடுகிறேன் என்று ஆகிவிடுமோ, போடாமல் விட்டால் நாளைக்குத் தேவைப்படும்போது யாரும் கூப்பிட மாட்டார்களோ என்று அப்படியே வைத்திருக்கிறேன். என்ன எழுதுவது?”

பதில் போடுங்கள். ஆறு வரி போதும், அந்த ஆறு வரியைக் கீழே எழுதியே காட்டுகிறேன். அதற்கு முன், உங்கள் பதில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகிறது என்று சொன்னால்தான் ஏன் அப்படி எழுதச் சொல்கிறேன் என்பது புரியும். நான் பதினான்கு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் சென்னையில் ஒரு கன்சல்டன்சி, அதற்கப்புறம் மென்பொருள் கம்பெனிகளின் உள்ளேயே, டிஏ டீம் என்பார்களே, அதில். எனக்குத் தெரிந்ததெல்லாம் சென்னை, பெங்களூர், கோவை ஐடி ஆட்கள்தான். வங்கி, மருத்துவமனை, வளைகுடா வேலைகள் வேறு மாதிரி நடக்கும். அங்கே நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ரெக்வயர்மென்ட் கைக்கு வந்ததும், தேடிப் பிடித்து நாற்பது ஐம்பது பேருக்காவது மெசேஜ் அனுப்புவோம். அவர்களில் நீங்களும் ஒருவர். பெரும்பாலானவர்கள் பதிலே போட மாட்டார்கள், அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. பதில் போட்டவர்களுக்கு மட்டும், பெயருக்கு எதிரே ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரிய கம்பெனியாக இருந்தால் அது ஏடிஎஸ் என்கிற மென்பொருளில் இருக்கும், சின்ன கன்சல்டன்சியாக இருந்தால் எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். நீங்கள் பத்து வரி எழுதினாலும் அந்தக் கட்டத்தில் ஏறுவது ஒரு வரிதான். ‘நன்றி, விருப்பமில்லை’ என்று எழுதினால் ‘நாட் இன்ட்ரஸ்டட்’ என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். ‘இப்போது இல்லை, ஆனால் நல்ல வாய்ப்பு வந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதினாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். ஏனென்றால் உங்களுக்கு எது நல்ல வாய்ப்பு என்று எனக்குத் தெரியாது, கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கழித்து இன்னொரு வேலைக்கு ஆள் தேடும்போது நான் அந்தக் கட்டங்களில்தான் சொல் போட்டுத் தேடுவேன். அதில் மாட்டுகிற மாதிரி ஒரு வரியை என்னை எழுதவைப்பதுதான் உங்கள் பதிலின் வேலை.

மறுத்தால் கோபப்படுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. தேவையில்லை. வந்தது இன்மெயில், அதாவது தொடர்பில் இல்லாதவருக்கு லிங்க்ட்இன்னில் அனுப்பும் மெசேஜ் என்றால் ஒரு சங்கதி உண்டு. அதை அனுப்ப ரெக்ரூட்டருக்கு ஒரு கிரெடிட் செலவாகும், மாதத்துக்கு இத்தனை என்று அளந்துதான் கொடுப்பார்கள். 90 நாளுக்குள் நீங்கள் எந்தப் பதில் போட்டாலும், அது வேண்டாம் என்ற பதிலாகவே இருந்தாலும், அந்தக் கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். ஆக, மறுத்து எழுதுகிறவரும் எங்களுக்கு ஓர் உபகாரம்தான் செய்கிறார்.

இனி, எழுதியவர் யார் என்று பாருங்கள். கம்பெனியின் சொந்த ஆளா, கன்சல்டன்சியா? சொந்த ஆள் என்றால் கம்பெனி பெயர் மெசேஜிலேயே இருக்கும், அவருடைய புரொஃபைலும் அதே கம்பெனியைக் காட்டும். கன்சல்டன்சி ஆள் பெரும்பாலும் ‘முன்னணி எம்என்சி ஒன்றுக்காக’ என்றுதான் ஆரம்பிப்பார். பெயரைச் சொன்னால் நீங்கள் நேராகப் போய் விண்ணப்பித்துவிடுவீர்கள், அவருக்குக் கமிஷன் போய்விடும் என்ற பயம். அந்தக் கமிஷன் எவ்வளவு என்று தெரிந்தால் அவர் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார் என்பது புரியும். நம் ஊரில் பரவலாக இருப்பது வருட சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 24 லட்சத்துக்கு ஓர் ஆள் சேர்ந்தால் கன்சல்டன்சிக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம். அதுவும் ஆள் சேர்ந்த பிறகுதான். சேர்ந்தவர் 90 நாளுக்குள் ஓடிவிட்டால் இன்னொருவரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கும். நீங்கள் யோசிக்கிறேன் என்றால் அவருக்கு இந்த மாதம் ஒன்றும் கிடைக்காது. அதனால் கன்சல்டன்சி ஆள் உங்களைத் தள்ளப் பார்ப்பார், கம்பெனி ஆளுக்கு ஓரளவு பொறுமை இருக்கும். இதில் நல்லவர் கெட்டவர் என்று ஒன்றுமில்லை. நானே ஐந்து வருடம் தள்ளியிருக்கிறேன்.

அந்த ஐந்து வருடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஒரு டெவலப்பரிடம் போனில் பேசினேன். ‘பார்க்கலாம், ஜேடி அனுப்புங்க’ என்றார். நான் ஜேடியை, அதாவது வேலை விவரத்தை அனுப்பிவிட்டு, அவர் திரும்பச் சொல்லும்வரை காத்திருக்காமல், வேலை தேடும் இணையதளத்தில் கிடந்த அவருடைய பழைய ரெஸ்யூமேயை கிளையன்ட்டுக்குத் தள்ளிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் எட்டு ரெஸ்யூமே அனுப்ப வேண்டும் என்று எனக்கு டார்கெட். அவர் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தார். அவருடைய டீம் உட்கார்ந்து வேலை செய்தது இன்னொரு கம்பெனியின் அலுவலகத்தில். நான் பெயர் சொல்லாமல் மறைத்த ‘முன்னணி எம்என்சி’ அதே அலுவலகம்தான். ரெஸ்யூமே போய் நின்றது, அவர் தினமும் காலையில் வணக்கம் சொல்கிற ஆளின் மேஜையில். ஒருவர் ஆட்களை மற்றவர் இழுக்கக்கூடாது என்று அந்த இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் வேறு இருந்தது. மறுநாள் அவருடைய மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். வேலை போகவில்லை, ஆனால் அந்த வருட அப்ரைசலில் அடி விழுந்தது என்று பிறகு சொன்னார். அவர் செய்ததெல்லாம் ‘பார்க்கலாம்’ என்றது மட்டும்தான். அதனால்தான் எந்தப் பதிலிலும் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். என்னைக் கேட்காமல் என் ரெஸ்யூமேயை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்ற வாக்கியம்.

அந்த வாக்கியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமேயை ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்தக் கம்பெனியில் நீங்கள் ‘அவர்கள் கொடுத்த ஆள்’. காலம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்த இடைவெளியில் உங்கள் நண்பர் அங்கே உங்களை ரெஃபர் செய்தால் டூப்ளிகேட் என்று திருப்பிவிடும். நீங்களே நேராக விண்ணப்பித்தாலும் அப்படித்தான். இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே பெயரை அனுப்பிச் சண்டை வந்து, எதற்கு வம்பு என்று அந்த ஆளையே ஒதுக்கிவைத்த கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நிரப்பி அனுப்புங்கள் என்று ரெக்ரூட்டர் அனுப்பும் அந்த அட்டவணை. மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், சிசிடிசி என்கிற இப்போதைய சம்பளம், ஈசிடிசி என்கிற எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், இருக்கும் ஊர், போக விரும்பும் ஊர் என்று வரிசையாக வரும். சிலர் பான் எண்ணும் பிறந்த தேதியும்கூடக் கேட்பார்கள். அப்படிக் கேட்டதாலேயே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். சில கிளையன்ட்டுகளின் தளத்தில் ஒரே ஆளை இரண்டு முறை பதியாமல் இருக்க அதைக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த அட்டவணையை நிரப்பி அனுப்பினால், ரெஸ்யூமேயை அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகவே அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். மாறும் எண்ணம் இல்லாதவர் அதை நிரப்பவே கூடாது. நோட்டீஸ் பீரியட் ஒன்றை மட்டும் சொல்லலாம், அது உங்களுக்குச் சாதகம். உங்களுக்கு 90 நாள் என்றால், ‘இம்மீடியட் ஜாயினர் வேண்டும்’ என்று அலைகிறவர் அதைப் பார்த்ததும் தானாக விலகிவிடுவார். மிச்சம் நிற்பவர் கொஞ்சம் தொலைவு யோசித்து ஆள் தேடுகிறவர். உங்களுக்கு வேண்டியவர் அவர்தான்.

சம்பளத்தைச் சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம் வெட்கமோ தந்திரமோ இல்லை. அந்த எண் கட்டத்தில் ஏறிவிட்டால் அங்கேயே கிடக்கும். இன்று 18 என்று எழுதுகிறீர்கள், இரண்டு வருடத்தில் அது 23 ஆகிவிடும். தேடுகிறவர் ‘18-காரர், 22 கொடுத்தால் வருவார்’ என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனை எடுப்பார், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். கேட்டால், உங்கள் பட்ஜெட் எந்த ரேஞ்ச் என்று சொல்லுங்கள், சரிவருமா வராதா என்று நான் சொல்கிறேன் என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேராவது சொல்லிவிடுவார்கள். கூட்டிச் சொல்வது மட்டும் வேண்டாம். ஆஃபர் தரும் கட்டத்தில் கடைசி மூன்று மாத பேஸ்லிப் கேட்பார்கள், சிலர் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள், எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும்.

சரி, அந்த ஆறு வரி. உங்களுக்கென்று நானே சில விவரங்களை இட்டு நிரப்பியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இதுதான்:

“வணக்கம், என் நினைவு வந்து எழுதியதற்கு நன்றி. இப்போதைய வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த ஒரு வருடத்துக்கு மாறும் எண்ணம் இல்லை. அதற்குப் பிறகு, ஜாவாவில் பேமென்ட் சிஸ்டம் செய்யும் டீமில், நான்கைந்து பேரை நடத்தும் பொறுப்போடு, சென்னையில் அல்லது முழுக்க வீட்டிலிருந்து செய்யும் வேலை வந்தால் பேச விருப்பம். என் நோட்டீஸ் 90 நாள். என்னைக் கேட்காமல் என் ரெஸ்யூமேயை எங்கும் அனுப்ப வேண்டாம். இங்கே தொடர்பில் இருக்கலாம், கனெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன்.”

இதைப் படித்ததும் என் கட்டத்தில் ஏறும் வரி இப்படி இருக்கும்: ‘ஜாவா, பேமென்ட்ஸ், லீட். சென்னை / ரிமோட். நோட்டீஸ் 90. ஒரு வருடம் கழித்துக் கேள். அனுப்புமுன் கேள்.’ தேடினால் மாட்டும் சொற்கள் அதில் ஐந்தாறு இருக்கின்றன. ‘நல்ல வாய்ப்பு’, ‘சவாலான பொறுப்பு’ போன்றவற்றில் ஒன்றுகூட மாட்டாது. ‘இப்போது’ என்பதற்குப் பதில் ‘ஒரு வருடத்துக்கு’ என்று போட்டதும் அதற்காகத்தான். ‘இப்போது இல்லை’ என்றால் அடுத்த மாதமே திரும்பக் கேட்பேன், அல்லது கேட்கவே மாட்டேன். காலம் சொன்னால் காலண்டரில் குறிக்கலாம். அது சத்தியவாக்கு ஒன்றும் இல்லை, நான்கு மாதத்தில் உங்கள் நிலைமை மாறினால் நீங்களே எழுதலாம்.

வேலை பிடித்திருக்கிறது என்ற வாக்கியத்தை மரியாதைக்கு எழுதியது என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் என்று ஒன்று இருக்கிறது. நாளைக்கு யாராவது இதை உங்கள் மேனேஜரிடம் காட்டினாலும், அவர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். இந்த ஆறு வரி அப்படித்தான் இருக்கிறது. ‘இங்கே குரோத் இல்லை’, ‘மேனேஜ்மென்ட் சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இது வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2018-ல் பெங்களூர் வேலை ஒன்றுக்காக ஒரு டெஸ்டிங் இன்ஜினியருக்கு எழுதினேன். கோவைக்காரர், அப்போது பெங்களூரில்தான் இருந்தார். பெங்களூருக்குள் கம்பெனி மாறும் எண்ணம் இல்லை, பெற்றோர் கோவையில் இருக்கிறார்கள், அங்கே ஆட்டோமேஷன் லீட் வேலை வந்தால் 2019 ஜூனுக்கு மேல் பேசலாம், நோட்டீஸ் 60 நாள் என்று பதில் போட்டார். நான் அதை அப்படியே ஏற்றிவைத்துவிட்டு மறந்துவிட்டேன். 2019 செப்டம்பரில் எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில் ஒரு சின்ன அலுவலகம் திறந்தது. முதல் நாள் நான் செய்த காரியம், ரிமார்க்ஸில் ‘கோவை’ என்று போட்டுத் தேடியது. பதினோரு பெயர் வந்தது. அதில் ஆட்டோமேஷன் தெரிந்தவர்கள் மூன்று பேர். இரண்டாவதாக அவருக்குப் போன் போட்டேன். பட்ஜெட் 16-லிருந்து 19 வரை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அவர் அப்போது 13.5-ல் இருந்தார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நான்கு நாள் கேட்டார். மூன்று ரவுண்டு நடந்து, அக்டோபரில் ஆஃபர், டிசம்பர் கடைசியில் சேர்ந்தார். அந்த வேலை வெளியே விளம்பரமாகவே வரவில்லை. அதே 2018 பட்டியலில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரும் இருந்தார், அனுபவத்தில் இவரைவிட ஒரு படி மேல். அவர் ‘வேண்டாம், நன்றி’ என்று மட்டும் எழுதியிருந்தார். பொள்ளாச்சி என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

ஒன்று நடந்ததை வைத்து எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். இதில் நிச்சயமில்லாத பகுதி பெரிது. ரெக்ரூட்டர்களே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிறவர்கள். நான் போனால் என் ரிமார்க்ஸ் பழைய கம்பெனியில் கிடக்கும், அடுத்து வருகிறவர் அதைத் திறந்து பார்ப்பாரா என்பது அவரவர் பழக்கம். பார்க்காதவர்கள்தான் அதிகம் என்பது என் அனுமானம். அதனால்தான் அந்தக் கடைசி வரியில் கனெக்ட் ஆகச் சொன்னேன். கட்டம் அங்கேயே தங்கிவிடும், லிங்க்ட்இன் தொடர்பு ரெக்ரூட்டரோடு அடுத்த கம்பெனிக்குப் போகும். எனக்கு அப்படித் தொடர்பில் இருக்கும் இருபது முப்பது பேரை நான் எங்கே போனாலும் கூட எடுத்துக்கொண்டுதான் போகிறேன். ஆனால் ஒரே வாரத்தில் ஐம்பது மெசேஜுக்கு இப்படி எழுதிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் புரொஃபைலைப் படித்துவிட்டு எழுதியவருக்கு எழுதுங்கள். நீங்கள் ஜாவா ஆளாக இருந்து, ‘உங்கள் எஸ்ஏபி அனுபவம் எங்களைக் கவர்ந்தது’ என்று வந்தால் அது வலைவீச்சு, விட்டுவிடுங்கள்.

சிலர் பதிலைப் பார்த்துவிட்டு ‘பத்து நிமிஷம் பேசலாமா’ என்பார்கள். பேசலாம், தப்பில்லை. வேலை புதிதாக உருவானதா, ஒருவர் போன இடமா, யாருக்குக் கீழே, அலுவலகத்துக்கு வாரம் எத்தனை நாள், பட்ஜெட் என்ன என்று கேட்டுக்கொண்டால் உங்கள் அனுபவத்துக்கு இப்போது வெளியே என்ன விலை என்று ஓர் அந்தாஜு கிடைக்கும். ஆனால் பேச்சு நடுவில் ‘உங்க டீம்ல இதே வேலை செய்றவங்க வேற யாரு இருக்காங்க?’ என்று சாதாரணமாக ஒரு கேள்வி விழும். நாங்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. உங்கள் வாயிலிருந்து இரண்டு பெயர் வந்தால் எனக்கு இரண்டு நாள் தேடல் மிச்சம். யாரையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களைக் கேட்டுவிட்டு, அவர்களையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

இன்டர்வியூ வரை போகலாமா என்பதில் எங்கள் துறையிலேயே இரண்டு கட்சி உண்டு. பயிற்சியாக இருக்கும், போய்ப் பாருங்கள் என்பார்கள் ஒரு சாரார். முதல் பேச்சுவரை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் எந்தத் தொகை கொடுத்தாலும் மாற மாட்டேன் என்று தெரிந்தே மூன்றாவது ரவுண்டுவரை போய், ஆஃபரை வாங்கி, அதைக் காட்டி இங்கே சம்பளம் உயர்த்திக்கொள்வதை நான் சொல்லித்தர மாட்டேன். அந்தக் கம்பெனியில் ‘ஆஃபர் டிக்ளைன்டு’ என்று ஒரு குறி விழும். அந்த ஒரு குறியை மட்டும் அடுத்து வருகிறவர்களும் மறக்காமல் பார்க்கிறார்கள். ஆஃபருக்குச் சரி சொல்லிவிட்டுச் சேராமல் போனால் இன்னும் மோசம்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். பதில் போட்டதால் மட்டும் தெரியாது, அது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் மெசேஜ். தெரிவது வேறு வழிகளில். லிங்க்ட்இன்னில் “Open to work” என்று ஒரு வசதி இருக்கிறது. அதை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் உங்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், அதை உங்கள் மேனேஜரும் பார்ப்பார். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்றும் வைக்கலாம். அப்போது உங்கள் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறோம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. உங்கள் கம்பெனிக்காக ஆள் தேடும் வெளிக் கன்சல்டன்சி அதைப் பார்த்துவிடலாம் என்பதை நானும் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் நிலைமையில் அதைத் தொடவே தேவையில்லை. அந்த வசதி இல்லாமலேயே உங்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்களே. மற்றபடி, அலுவலக மெயிலிலிருந்தோ அலுவலக லேப்டாப்பிலிருந்தோ இந்தப் பேச்சை வைத்துக்கொள்ள வேண்டாம். அது கம்பெனியின் சொத்து, அவர்கள் பார்க்கலாம்.

பணம் கேட்டால் அது மோசடி. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ், எந்தப் பெயரில் வந்தாலும் சரி. மேலே சொன்ன அந்த 8.33 சதவீதத்தைக் கொடுப்பது கம்பெனி, வேலைக்குப் போகிறவர் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. முதல் மெசேஜிலேயே ஆதார் நகல் கேட்பதும், குரலோ முகமோ காட்டாமல் டெலிகிராமில் எழுத்திலேயே இன்டர்வியூவை முடிப்பதும் அதே ரகம்.

மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று கூச்சப்பட்டுத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டாம். மன்னிப்புக் கேட்டு முதல் இரண்டு வரியை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். அவர் சொன்ன அந்த வேலை இந்நேரம் நிரம்பியிருக்கும், இல்லை இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும். அதனால் உங்களுக்கு வசதிதான், இந்த வேலைக்கு வாருங்கள் என்று அவர் இனி தள்ள மாட்டார். பதிலைப் படித்துக் கட்டத்தை நிரப்புவார், அவ்வளவுதான். மேலே உள்ளதில் ஜாவா, பேமென்ட், சென்னை என்பவற்றை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டு, இன்றைக்கு ராத்திரி வீட்டிலிருந்து அனுப்பிவிடுங்கள்.